ஒரே ரிப்போர்ட், கிளைக்குக் கிளை வேறு கணக்கு: பவர் பிஐ-யில் ஆர்எல்எஸ் அமைப்பது எப்படி?

மாதம் பிறந்ததும் தலைமை அலுவலகத்தில் ஒருவர் மொத்த விற்பனைக் கணக்கைக் கிளை வாரியாக ஃபில்டர் போட்டு, வெட்டி ஒட்டி, கிளைக்கொரு எக்ஸெல் ஃபைலாக மெயிலில் அனுப்புவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. கும்பகோணத்துக்குப் போக வேண்டியது மன்னார்குடிக்குப் போய்விடலாம் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. தரவு இருந்த ஷீட்டை அழித்துவிட்டு, பிவட் டேபிளை மட்டும் கும்பகோணத்துக்கு ஃபில்டர் செய்து அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். பிவட் தன் தரவின் நகல் ஒன்றை ஃபைலுக்குள்ளேயே வைத்திருக்கும். வாங்கியவர் ஃபில்டரை எடுத்துவிட்டு `Grand Total` எண்ணின் மீது இரட்டைக் கிளிக் செய்தால், எல்லாக் கிளைகளின் வரிசைகளும் புது ஷீட்டில் வந்து விழும்.

கூகுள் ஷீட்ஸிலும் கதை ஏறக்குறைய இதுதான். மறைத்து வைத்த ஷீட்டை, பார்வை அனுமதி மட்டும் உள்ளவர்கூட ஒரு நகல் எடுத்துத் திறந்துவிடலாம். கிளைக்கொரு ஷீட் வைத்து `IMPORTRANGE` மூலம் இழுத்தாலும், அந்த ஷீட்டைத் திருத்தும் அனுமதி உள்ளவர் ஃபார்முலாவில் எல்லையை மாற்றி எழுதினால் மூல ஷீட்டின் மற்ற பகுதிகளும் வந்துவிடும். மறைப்பது வேறு, தராமல் இருப்பது வேறு. கிளை மேலாளரின் கணினிக்கு மற்றவர் கணக்கு போய்ச் சேரவே கூடாது என்றால், தடுப்பு ரிப்போர்ட்டின் பக்கத்தில் இருந்து பயனில்லை. தரவு கிளம்பும் இடத்தில் இருக்க வேண்டும்.

பவர் பிஐ-யில் அதற்கான வசதிக்கு ரோ லெவல் செக்யூரிட்டி என்று பெயர். எல்லோரும் ஆர்எல்எஸ் என்றுதான் சொல்வார்கள். ரிப்போர்ட் ஒன்றுதான், லிங்க்கும் ஒன்றுதான். திறப்பவர் யார் என்று பார்த்து, அவருக்குரிய வரிசைகளை மட்டும் சர்வர் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

விளக்குவதற்கு ஆறு கிளைகள் உள்ள ஒரு மருந்துக்கடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கோடு, அதாவது குறியீட்டு எண், உண்டு: தஞ்சாவூர் 001, கும்பகோணம் 002, மன்னார்குடி 003, திருவாரூர் 004, நாகப்பட்டினம் 005, மயிலாடுதுறை 006. கிளைக்கு ஒரு மேலாளர். தஞ்சாவூரையும் கும்பகோணத்தையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஏரியா மேனேஜர். தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவு.

முதலில் லாகின் விஷயம்

ஆர்எல்எஸ் முழுவதும் "திறப்பவர் யார்" என்ற ஒற்றைக் கேள்வியின் மேல் நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு மேலாளருக்கும் நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும். ஜிமெயில் முகவரியை வைத்துப் பவர் பிஐ-யில் பதிவு செய்ய முடியாது. பெரிய கெப்பாசிட்டி எதுவும் வாங்காத நிறுவனம் என்றால், ரிப்போர்ட்டைப் பகிர்பவருக்கும் பார்ப்பவருக்கும் தலைக்கொரு ப்ரோ லைசென்ஸ் தேவை. கிளைகளின் எண்ணிக்கையை வைத்து இந்தச் செலவை முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள்.

செலவைக் குறைக்க, கிளைக்கு ஒரு பொது லாகின் கொடுத்துவிடலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. பொது லாகினின் பாஸ்வேர்டு பில்லிங் கவுன்டர் வரை தெரிந்திருக்கும். மாற்றலாகிப் போன மேலாளர் புது ஊரில் உட்கார்ந்துகொண்டு பழைய கிளையின் கணக்கைப் பார்ப்பார், அது யாருக்கும் தெரியவும் வராது. ஆளுக்கொரு லாகின் இருந்தால்தான் யார் எதைப் பார்க்கலாம் என்பதை ஓர் இடத்தில் எழுதி வைக்க முடியும்.

மூன்று டேபிள்கள்

ரிப்போர்ட்டுக்குத் தரவு தரும் மாடலில் மூன்று டேபிள்கள் இருந்தால் போதும். `Sales` என்பது பில் வாரியான விற்பனை. `Branch` என்பது கிளைப் பட்டியல், கிளைக்கு ஒரே ஒரு வரிசை. `Access` என்பது யார் எந்தக் கிளையைப் பார்க்கலாம் என்ற பட்டியல்:

```
Email                 BranchCode
selvi@example.com     001
kumar@example.com     002
area1@example.com     001
area1@example.com     002
```

ஏரியா மேனேஜருக்கு இரண்டு வரிசைகள் இருப்பதைக் கவனியுங்கள். இரண்டு கிளை என்றால் இரண்டு வரிசை, பத்துக் கிளை என்றால் பத்து வரிசை, அவ்வளவுதான். `Branch` டேபிளில் மேலாளரின் மெயிலுக்கென்று ஒரு காலம், அதாவது ஒரு நெடுவரிசை, சேர்த்துவிட்டால் வேலை சுலபமாயிற்றே என்று தோன்றும். ஒருவர் லீவில் போய் இன்னொருவர் அந்தக் கிளையையும் சேர்த்துப் பார்க்க வேண்டி வரும் நாளில் அது உதவாது.

`Branch` டேபிளிலிருந்து `Sales` டேபிளுக்கு `BranchCode` வழியாக ஒன்றுக்குப் பல என்ற உறவு போடுங்கள். `Access` டேபிளை எதோடும் இணைக்க வேண்டாம். அது தனியாகவே இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சிக்கல் காத்திருக்கிறது. எக்ஸெல் பட்டியலைப் பவர் குவெரியில் ஏற்றும்போது `Changed Type` என்ற படி தானாகச் சேர்ந்துகொள்ளும். அது 002 என்பதை எண் என்று நினைத்து 2 ஆக்கிவிடும். பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து வரும் விற்பனையில் அதே கோடு 002 என்று எழுத்தாகவே இருக்கும். பிறகு யாராவது அந்தக் காலத்தை மறுபடி டெக்ஸ்ட் ஆக்கினாலும் முன்னால் இருந்த சைபர்கள் திரும்பி வராது. பட்டியலில் 2, கிளை டேபிளில் 002 என்று நிற்கும். எந்த எச்சரிக்கையும் வராது, மேலாளருக்குக் காலிப் பக்கம் மட்டும் வரும். ஆகவே மூன்று டேபிள்களிலும் அந்தத் தானியங்கிப் படியை நீக்கிவிட்டு, `BranchCode` காலத்தை நீங்களே டெக்ஸ்ட் என்று அமையுங்கள். மெயில் காலத்துக்கு `Trim` கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டிய முகவரிகளில் முன்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருப்பது சாதாரணம்.

ரோல் எழுதுவது

பவர் பிஐ டெஸ்க்டாப்பில் `Modeling` டேப், அதில் `Manage roles`. புதிதாக ஒரு ரோல் உண்டாக்கி `Kilai` என்று பெயரிடுங்கள். `Branch` டேபிளைத் தேர்ந்து, `Switch to DAX editor` கொடுத்து இதை எழுதுங்கள்:

```
[BranchCode] IN
    SELECTCOLUMNS (
        FILTER ( Access,
            Access[Email] = USERPRINCIPALNAME () ),
        "Code", Access[BranchCode]
    )
```

`USERPRINCIPALNAME()` என்பது ரிப்போர்ட்டைத் திறந்திருப்பவரின் லாகின் பெயரைத் தரும். அந்தப் பெயருக்கு `Access` பட்டியலில் எந்தக் கோடுகள் இருக்கின்றனவோ, அந்தக் கிளைகள் மட்டும் மிஞ்சும். `USERNAME()` என்று ஒன்றும் உண்டு, இணையத்தில் பழைய உதாரணங்களில் அதைப் பார்ப்பீர்கள். அது டெஸ்க்டாப்பில் ஒரு வடிவத்திலும், ரிப்போர்ட் இணையத்தில் ஓடும் பவர் பிஐ சர்வீஸில் வேறு வடிவத்திலும் பெயரைத் தரக்கூடியது. ஆகவே அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

அதே ரோலில் `Access` டேபிளையும் தேர்ந்து அதற்கு இந்த விதியைக் கொடுங்கள்:

```
FALSE ()
```

பட்டியல் டேபிளே மேலாளரின் கண்ணில் படக் கூடாது என்பதற்காக இது. முதல் விதி இதனால் பாதிக்கப்படாது, ஏனென்றால் ரோலின் விதிகளைக் கணக்கிடும்போது இன்னொரு டேபிளின் விதி குறுக்கே வராது.

விதியை `Sales` மீது போடாமல் `Branch` மீது ஏன் போட்டோம்? கிளை டேபிளில் வடிகட்டினால், அது உறவு வழியாக விற்பனைக்கும், விற்பனைத் திருப்பத்துக்கும், சரக்கிருப்புக்கும், டார்கெட்டுக்கும் தானாக இறங்கும். ஓரிடத்தில் எழுதினால் போதும். அதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள். உறவு இல்லாத டேபிள் முழுவதும் திறந்தே கிடக்கும். ரிப்போர்ட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆறாம் மாதம் யாரோ டார்கெட் எக்ஸெலைச் சேர்த்து, அதைக் கிளை டேபிளோடு இணைக்க மறந்துவிட்டால், எல்லா மேலாளர்களுக்கும் ஒட்டுமொத்த டார்கெட் தெரியும். கண்டுபிடிப்பது எளிது: ஆளை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது எந்த எண் அசையாமல் நிற்கிறதோ, அந்த எண்ணின் டேபிள் இணைக்கப்படாமல் இருக்கிறது.

தலைமை அலுவலகத்தில் பார்க்க மட்டும் வேண்டியவர்களுக்கு, எந்த விதியும் இல்லாத இன்னொரு ரோலை `HO` என்று உண்டாக்குங்கள். ஒருவர் இரண்டு ரோலிலும் இருந்தால் இரண்டும் கூட்டப்படும், குறைக்கப்படாது. கிளை மேலாளர் ஒருவர் தவறுதலாக `HO` ரோலிலும் இருந்தால் அவருக்கு எல்லாம் தெரியும் என்று அர்த்தம்.

போகிற போக்கில் ஒரு மெஷரும் போட்டுவிடுங்கள்:

```
WhoAmI = USERPRINCIPALNAME ()
```

இதை ஒரு கார்டில் போட்டு ரிப்போர்ட்டின் மூலையில் சின்னதாக வையுங்கள். பல நிறுவனங்களில் ஊழியரின் மெயில் முகவரி ஒன்றாகவும் லாகின் பெயர் வேறாகவும் இருக்கும். மெயில் `kumar@example.com`, லாகின் `kumar@example.onmicrosoft.com` என்பது போல. பட்டியலில் லாகின் பெயர்தான் இருக்க வேண்டும். மேலாளர் போன் செய்து "ஒண்ணுமே வரலை சார்" என்றால், மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அந்தப் போனிலேயே முடிந்துவிடும்.

டெஸ்க்டாப்பில் சோதனை

`Modeling` டேபில் `View as` என்று இருக்கும். அதில் `Kilai` ரோலையும் `Other user` என்பதையும் சேர்த்து டிக் செய்து, குமாரின் லாகினைத் தட்டுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் டிக் செய்தால் சோதனைக்கு அர்த்தமில்லை.

குறைந்தது மூன்று பேராக மாறிப் பாருங்கள்: ஒரு கிளை உள்ளவர், இரண்டு கிளை உள்ளவர், பட்டியலில் இல்லவே இல்லாத ஒரு பெயர். மூன்றாமவருக்கு எண்களே இல்லாமல் காலியாக வர வேண்டும். அவருக்கு ஏதாவது எண் தெரிந்தால் அது ஓட்டை.

அடுத்து, கூட்டிப் பாருங்கள். நம் உதாரணத்தில் ஒரு மாத விற்பனை இப்படி வருகிறது என்று வைப்போம்: தஞ்சாவூர் 24 லட்சம், கும்பகோணம் 18, மன்னார்குடி 11.50, திருவாரூர் 13.20, நாகப்பட்டினம் 9.80, மயிலாடுதுறை 15.10. ஆறு மேலாளர்களாக மாறி மாறிப் பார்த்துக் குறித்த எண்களைக் கூட்டினால் 91.60 லட்சம். ரோல் எதுவும் இல்லாமல் பார்த்தால் ரிப்போர்ட் 92.05 லட்சம் காட்டுகிறது. 45,000 ரூபாய் எங்கே? தேடினால், புதிதாகத் தொடங்கிய ஹோம் டெலிவரிக்குப் பில்லிங்கில் 007 என்று ஒரு கோடு திறந்திருக்கிறார்கள், அது `Branch` டேபிளில் இல்லை. தலைமை அலுவலகத்துக்கு அது பெயரில்லாத வரிசையாகத் தெரியும், எந்த மேலாளருக்கும் தெரியாது. பாதுகாப்பு ஓட்டை இல்லைதான். ஆனால் மாதக் கூட்டத்தில் கிளைக்காரர்கள் சொல்லும் எண்களும் தலைமை அலுவலகத்தின் எண்ணும் ஒத்துப்போகாமல் சண்டை வருவது இப்படிப்பட்ட 45,000-களால்தான். கிளை டேபிளில் இல்லாத கோடு விற்பனையில் வந்தால் காட்டிக்கொடுக்க, தலைமை அலுவலகப் பக்கத்தில் ஒரு கார்டு வைத்துவிடுவது நல்லது.

சர்வீஸில் ஏற்றிய பிறகு

ரோல் எழுதிவிட்டதால் மட்டும் வேலை முடிந்துவிடாது. ரிப்போர்ட்டைப் பப்ளிஷ் செய்த பிறகு வொர்க்ஸ்பேஸுக்குப் போய், ரிப்போர்ட் அல்ல, அதன் செமான்டிக் மாடலுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி `Security` பக்கத்தைத் திறவுங்கள். அங்கே `Kilai` ரோலில் ஆட்களைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொருவராகச் சேர்ப்பதைவிட, எல்லாக் கிளை மேலாளர்களையும் கொண்ட ஒரு செக்யூரிட்டி குரூப்பை ஐடி பிரிவிடம் கேட்டு வாங்கி, அதை ஒரே தடவை சேர்த்துவிடுங்கள். டீம்ஸில் உள்ள மைக்ரோசாஃப்ட் 365 குரூப்பை இங்கே சேர்க்க முடியாது. பெயரைத் தட்டியும் வரவில்லையே என்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இப்போது, ஆர்எல்எஸ் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான விஷயம். வொர்க்ஸ்பேஸில் ஒருவருக்கு `Admin`, `Member`, `Contributor` இவற்றில் எந்த உரிமை இருந்தாலும், ஆர்எல்எஸ் அவரைக் கட்டுப்படுத்தாது. மாடலைத் திருத்தும் அனுமதி உள்ளவருக்கு வரிசைகளை மறைப்பதில் பொருளில்லை என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். `Viewer` உரிமை உள்ளவருக்கு மட்டுமே விதி பொருந்தும். "ரிப்போர்ட் திறக்க மாட்டேங்குது" என்று மேலாளர் சொன்னதும், அவசரத்துக்கு யாராவது அவரை `Member` ஆக்கிவிடுவார்கள். ரிப்போர்ட் திறந்துவிடும், மேலாளரும் நன்றி சொல்வார். ஆறு கிளைக் கணக்கும் அவர் கையில் இருப்பதைச் சொல்ல அவருக்கு எந்த அவசியமும் இல்லை.

இதற்காகவே மேலாளர்களை வொர்க்ஸ்பேஸுக்குள் விடாமல், ரிப்போர்ட்டை ஆப் ஆக வெளியிட்டு அந்த செக்யூரிட்டி குரூப்புக்குக் கொடுப்பது எனக்குப் பிடித்த முறை. வொர்க்ஸ்பேஸில் ரிப்போர்ட் தயாரிப்பவர்கள் மட்டும் இருப்பார்கள். ஆப் வழியாக வருபவர் பார்வையாளராக மட்டுமே வருவார்.

`Security` பக்கத்திலேயே ரோலின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள புள்ளிகளில் `Test as role` இருக்கிறது. திறந்ததும் மேலே `Now viewing as` என்று வரும், அதைத் தட்டிக் குமாரைத் தேர்ந்து பாருங்கள். டெஸ்க்டாப்பில் சரியாக வந்தது இங்கேயும் வருகிறதா என்று பார்த்துவிடுவது அவசியம். அதன் பிறகும், ஒரு மேலாளரைப் போனில் வைத்துக்கொண்டு அவர் திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டுவிடுங்கள். வொர்க்ஸ்பேஸ் உரிமைத் தவறு இந்தக் கடைசிச் சோதனையில்தான் அகப்படும்.

"மற்ற கிளைகளோடு ஒப்பிட்டு நான் எங்கே இருக்கிறேன்?"

தன் கணக்கை மட்டும் பார்க்கும் மேலாளர் ஒரு வாரத்துக்குள் இதைக் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் ஆர்எல்எஸ் போட்ட மாடலில் இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. `RANKX` கொண்டு ரேங்க் போட்டால் ஆறு பேருக்கும் முதல் ரேங்க் வரும், ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் அவருடைய கிளை ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறது. `ALL()` எழுதினால் ஃபில்டர் எடுபடுமே என்று முயல்வார்கள். அது ரிப்போர்ட்டில் போட்ட ஃபில்டரை எடுக்கும், ஆர்எல்எஸ் வடிகட்டியதைத் தொட முடியாது.

வழி, மொத்தக் கணக்கை முன்கூட்டியே சுருக்கி ஒரு தனி டேபிளில் வைப்பது. கால்குலேட்டட் டேபிள் ரிஃப்ரெஷ் நேரத்தில் கணக்கிடப்படுகிறது, அப்போது எந்த ரோலும் கிடையாது. ஆகவே அதற்கு எல்லாக் கிளைகளும் தெரியும்:

```
CompanyMonth =
SUMMARIZECOLUMNS (
    Sales[Month],
    "Total", SUM ( Sales[Amount] ),
    "Branches", DISTINCTCOUNT ( Sales[BranchCode] )
)
```

மாடலில் தேதி டேபிள் ஒன்று இருந்தால், இதை அதோடு மாத வாரியாக இணைக்கலாம். `Branch` டேபிளோடு இணைக்கக் கூடாது. `Total` எண்ணைக் கிளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும். நம் மாதத்துக்கு, 007 கோட்டைச் சரிசெய்த பிறகு, ஏறத்தாழ 15 லட்சம். கும்பகோணம் மேலாளர் தன் 18 லட்சத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த அளவில் சுருக்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். யாராவது "ஏரியா சராசரியும் போடுங்க" என்பார்கள். தஞ்சாவூர் ஏரியாவில் இருப்பது இரண்டே கிளை. சராசரி 21 லட்சம் என்று காட்டினால், கும்பகோணம் மேலாளர் 42-இலிருந்து தன் 18-ஐக் கழித்து, தஞ்சாவூர் 24 லட்சம் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். இவ்வளவு பாடுபட்டுப் போட்ட தடுப்பை ஒரு சராசரி திறந்துவிட்டது. மருந்து வகை வாரியாகச் சுருக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. ஒரு வகையை இரண்டு கிளைகள் மட்டுமே விற்கின்றன என்றால் அங்கும் கழித்தல் கணக்கு வேலை செய்யும். நான்கைந்து கிளைகளுக்குக் குறைவான கூட்டத்துக்குச் சராசரி காட்டுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்வது உசிதம்.

மெயிலில் போகும் படம்

தானியங்கி ரிப்போர்ட் என்றால் காலையில் மெயிலில் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். சப்ஸ்கிரிப்ஷன் வசதி அதற்குத்தான். ஆனால் தலைமை அலுவலகத்தில் ஒருவர் ஒரே சப்ஸ்கிரிப்ஷன் உண்டாக்கி அதில் ஆறு மேலாளர்களையும் சேர்த்தால், மெயிலில் போகும் படமும் பிடிஎஃப்பும் உண்டாக்கியவரின் பார்வையில் எடுக்கப்பட்டவையாக இருக்கும். ஆறு பேருக்கும் ஆறு கிளைக் கணக்கும் போய்விடும். லிங்க்கைத் தட்டி உள்ளே போனால் அவரவர் கணக்குதான் வரும் என்பதால், இந்தத் தவறு சோதனையில் கண்ணில் படாமல் நழுவிவிடும்.

எளிய தீர்வு, ஒவ்வொரு மேலாளரும் தன் லாகினில் தனக்கே சப்ஸ்கிரைப் செய்துகொள்வது. ஐந்து நிமிட வேலை, போனில் வழிகாட்டினால் போதும். இல்லையென்றால் காலை மெயிலில் எண் எதுவும் இல்லாமல் லிங்க்கை மட்டும் அனுப்புங்கள். எப்படி அனுப்பினாலும், முதலில் ஒரே ஒரு மேலாளருக்கு அனுப்பி, அவர் பெட்டியில் வந்து விழுந்த படத்தைப் பார்த்த பிறகு மற்றவர்களைச் சேருங்கள்.

மாற்றல், லீவு, ராஜினாமா

குமார் மன்னார்குடிக்கு மாற்றலானால் ரோலையோ ரிப்போர்ட்டையோ தொட வேண்டியதில்லை. `Access` பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 002-ஐ 003 ஆக்கினால் போதும். ஆனால் அது அடுத்த ரிஃப்ரெஷுக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். ப்ரோ லைசென்ஸில் ஒரு நாளைக்கு எட்டு தடவை வரை ரிஃப்ரெஷை அட்டவணை போடலாம். மாற்றம் செய்ததும் `Refresh now` ஒரு தடவை அழுத்திவிடுவது நல்ல பழக்கம். அவர் முன்பே இறக்கி வைத்த பிடிஎஃப்கள் அவரிடமே இருக்கும், அதற்கு எந்த சாஃப்ட்வேரும் பொறுப்பில்லை.

லீவுக்காகத் தற்காலிகமாகக் கொடுக்கும் அனுமதியைத்தான் எல்லோரும் எடுக்க மறக்கிறார்கள். பட்டியலில் `ToDate` என்று ஒரு காலம் சேர்த்து, ரோல் விதியில் ஃபில்டரின் உள்ளே இன்னொரு நிபந்தனை போட்டால் அது தானாகவே முடிந்துவிடும்:

```
FILTER ( Access,
    Access[Email] = USERPRINCIPALNAME ()
        && Access[ToDate] >= TODAY () )
```

நிரந்தரமானவர்களுக்கு `ToDate` காலியாக விடக் கூடாது. காலி என்றால் நிபந்தனை தேறாது, அவருக்கு எதுவுமே தெரியாது. 31-12-2099 என்று நிரப்பிவிடுங்கள். சர்வீஸில் `TODAY()` நம் நேரத்தில் ஓடுவதில்லை, ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யுடிசி-யில் ஓடுகிறது. ஆகவே அனுமதி நள்ளிரவில் முடியாது, மறுநாள் காலை 5.30-க்கு முடியும்.

பட்டியல் எந்த ஃபைலில் இருக்கிறது, அதை யார் திருத்தலாம் என்பது ரோல் விதியைப் போலவே முக்கியம். அந்த எக்ஸெலைத் திருத்தக்கூடியவர் தன் பெயருக்கு எதிரே ஆறு கோடுகளையும் எழுதிக்கொண்டால் அடுத்த ரிஃப்ரெஷில் எல்லாம் அவருக்குத் திறந்துவிடும். எல்லோரும் புழங்கும் பொது ஃபோல்டரில் அது கிடக்கக் கூடாது. மாற்றல் உத்தரவு முதலில் தெரிவது மனிதவளப் பிரிவுக்குத்தான் என்பதால், அங்கே ஒருவரும், அவர் இல்லாதபோது கணக்குப் பிரிவில் ஒருவரும் என இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போன் வரும்போது

புகார் எப்படி வருகிறது என்பதை வைத்தே எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும். பக்கம் திறக்கிறது, ஆனால் கட்டங்களில் எண் வராமல் பிழைச் செய்தி வருகிறது என்றால், அவர் எந்த ரோலிலும் இல்லை. செக்யூரிட்டி குரூப்பில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிழை எதுவும் இல்லை, எல்லாம் காலி என்றால், ரோலில் இருக்கிறார், பட்டியலில் அவர் லாகின் பொருந்தவில்லை. மூலையில் உள்ள பெயரை வாசிக்கச் சொல்லிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள், பிறகு கோடின் சைபர்களைப் பாருங்கள், பிறகு `ToDate`. ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் பெரிய எண் என்றால், அந்த டேபிளுக்கு உறவு விட்டுப்போயிருக்கிறது.

எல்லாக் கிளைக் கணக்கும் தெரிகிறது என்று ஒருவர் தாமாகவே போன் செய்து சொல்வது அரிது. அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாதம் ஒரு தடவை வொர்க்ஸ்பேஸின் `Manage access` பட்டியலைத் திறந்து, ரிப்போர்ட் தயாரிப்பவர் அல்லாத ஒரு பெயர் `Viewer` தவிர வேறு உரிமையோடு இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு `HO` ரோலில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

ஆர்எல்எஸ் வரிசைகளை மட்டுமே மறைக்கும். தன் கிளை வரிசையில் உள்ள எல்லாக் காலங்களும் மேலாளருக்குப் போகும். விற்பனை டேபிளில் கொள்முதல் விலை என்று ஒரு காலம் இருந்து, அது ரிப்போர்ட்டில் எங்கும் காட்டப்படவில்லை என்றாலும், அது மாடலில் இருக்கிறது. மார்ஜின் கிளைக்குத் தெரியக் கூடாது என்பது நிறுவனத்தின் முடிவென்றால், அந்தக் காலத்தைப் பவர் குவெரியிலேயே நீக்கிவிட்டு, மார்ஜின் ரிப்போர்ட்டைத் தலைமை அலுவலகத்துக்கென்று தனி மாடலில் வையுங்கள்.